ஏட்டில் விட்டுவைத்த பெயர்

பாலக்கரையில் நஜ்முன்னிசாவைத் தெரியாத பெண்கள் குறைவு. இருபத்தெட்டு வருஷமாக அதே வாடகை வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை, சுடிதார், புர்கா, எதைக் கொடுத்தாலும் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் யாராவது வந்து, "அக்கா, எனக்கு நாளைக்கே வேணும், விசேஷம்" என்று முகத்தைச் சுருக்கினால் போதும், தன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் வரவே வராது. அதை நல்ல குணம் என்று தெருவே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் குணம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று தெரிகிறவரைக்கும்.

புருஷன் சேக் மைதீன் தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணமான மறுவருஷமே விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார். பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத தர்கா இல்லை, அல்லா கொடுக்கவில்லை. அதனால் அந்த இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. சொந்தமாக ஒரு வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, வாசலில் ஒரு முருங்கை. அவர் திரும்பி வந்ததும் அங்கே போய் இருந்துவிட வேண்டும், இனி ஒரு நாள்கூடப் பிரியக் கூடாது.

இடம் 2015-இல் அமைந்தது. கரூர் ரோட்டில், ஸ்ரீரங்கம் தாலுகாவைச் சேர்ந்த மாந்தோப்பூர் என்ற கிராமம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ரெங்கராஜ் என்ற விவசாயிக்கு ரோட்டோரமாக நாற்பத்தொரு சென்ட் புஞ்சை இருந்தது, சர்வே எண் 84/3. அதில் பன்னிரண்டு சென்ட்டை மட்டும் பிரித்து விற்றார். மனைவி இறந்துபோன மனுஷன், ஒரு மகன், ஒரு மகள். மகள் மணிமேகலைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ரவிக்கை தைக்க அவரே கூட்டிக்கொண்டு வருவார். அளவெடுக்கும்போது வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படித்தான் பழக்கம். அவர் இவளைத் தங்கச்சி என்பார், இவள் அண்ணே என்பாள், அந்தப் பெண் அத்தை என்று கூப்பிடும்.

சேக் மைதீன் போனிலேயே சொல்லிவிட்டார்: "உன் பேர்லயே எழுதிடு நஜ்மு. நான் கண்காணாத ஊர்ல இருக்கேன்." அவள் பெயருக்கே கிரயப் பத்திரம் பதிவானது. பதிவு முடிந்து வெளியே வரும்போது பத்திரம் எழுதியவர் தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"அம்மா, பத்திரம் வந்துடுச்சுன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டு உக்காந்துடாதீங்க. இந்த ஆபீஸ் வேற, தாலுகா ஆபீஸ் வேற. அங்க இருக்கிற ஏட்டுல இன்னும் ரெங்கராஜ் பேருதான் இருக்கும். நாப்பத்தொண்ணுல பன்னெண்டு வாங்கியிருக்கீங்க. மனு கொடுத்தா சர்வேயர் வந்து அளந்து, கல்லு போட்டு, தனி உட்பிரிவு நம்பர் கொடுப்பாரு. அப்புறம்தான் உங்க பேர்ல பட்டா."

"ஏன் ஐயா, பத்திரம் இருந்தாப் போதாதா?"

"பத்திரம் நீங்க வாங்கினதுக்குச் சாட்சி. ஆனா சர்க்கார்ல யாரு நிலம்னு யாராவது கேட்டா, அவங்க பாக்கிறது அந்த ஏட்டைத்தான்."

இவளுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. மறுநாளே ஸ்ரீரங்கம் தாலுகா ஆபீசுக்குப் போவதென்று முடிவும் செய்தாள். அதற்குள் ரெங்கராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒரு உதவி. லால்குடிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுல பட்டா நம்பர் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. பிரவுசிங் சென்டர்ல தட்டிப் பாத்துடுவாங்களாம். நாப்பத்தொரு சென்ட்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப பேர் மாறிச்சுன்னா, கல்யாணத்துக்கு நிலத்தை வித்தவன்னு தெரிஞ்சுபோயிடும். பொண்ணு பேசினதையே நிறுத்திடுவாங்க."

அவள் உள்ளே திரும்பி, பத்திரம் வைத்த பீரோவைப் பார்த்தாள்.

"தை மாசம் கல்யாணம். தாலி ஏறட்டும். மறுநாளே நானே உங்களைத் தாலுகா ஆபீசுக்கு அழைச்சிட்டுப் போறேன். நான் மண்ணைத் தின்னுட்டு ஓடுற ஆள் இல்லைம்மா."

அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லைதான். இன்றைக்கும் அதை நான் அடித்துச் சொல்வேன். ஏமாற்ற வந்தவராக இருந்திருந்தால் இவளாவது சுதாரித்திருப்பாள். தாயில்லாப் பெண்ணின் கல்யாணம் என்றதும் இவளுக்கு மனசு இளகிவிட்டது. "அதுக்கென்னண்ணே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். இரண்டே வார்த்தை.

சேக் மைதீன் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுதுவிட்டு வந்து போன் செய்வார். கூட வேலை பார்த்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் பட்டா மாற்றாமல் விட்டு அண்ணன் தம்பியிடம் படாத பாடு படுவதை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி அதுதான்.

"பேர் மாத்தியாச்சா நஜ்மு?"

"மனு கொடுக்கணுங்க." அடுத்த வாரம், "சர்வேயர் வரணுங்க." அதற்கடுத்த வாரமும் ஏதோ ஒன்று. உள்ளதைச் சொன்னால் அவர் கோபப்படுவார், ரெங்கராஜ் அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டுவார், கல்யாண வீட்டில் கலவரமாகும். தை எங்கே ஓடிப்போகிறது என்று நினைத்தாள். ஏழாவது வெள்ளியோ எட்டாவது வெள்ளியோ, அவர் கேட்டபோது சொல்லிவிட்டாள்: "ஆயிடுச்சுங்க. என் பேருக்கு வந்துடுச்சு."

எதிர்முனையில் அவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாவுக்கு நன்றி சொன்னார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

தை வந்தது, கல்யாணமும் சிறப்பாக நடந்தது. கல்யாண ரவிக்கையை நஜ்முன்னிசாதான் தைத்தாள், கூலி வாங்கவில்லை. ரெங்கராஜ் சொன்ன சொல்லை மறக்கவில்லை, ஆனால் தள்ளிக்கொண்டே போனார். மறுவீடு முடியட்டும் என்றார். சம்பந்தி வீட்டார் அடிக்கடி வந்துபோகிறார்கள், ஆடி போகட்டும் என்றார். பிறகு மணிமேகலைக்குப் பிரசவம். அதன் பிறகு அவருக்கே பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டது. பார்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லத்தான் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனிடம், "வாங்கண்ணே, தாலுகா ஆபீசுக்கு" என்று எப்படிக் கூப்பிடுவது? 2019-இல் அவர் இறந்துபோனார். எழவு வீட்டில் பட்டாப் பேச்சு எடுக்க இவளால் முடியுமா? அடுத்த வருஷம் கொரோனா.

உண்மையில் அவர் வரவே வேண்டியதில்லை. பத்திரம் இவள் கையில் இருந்தது. இவளே மனு கொடுத்திருக்கலாம். அவருக்கு ஒரு நோட்டீஸ் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அண்ணன் அழைத்துப்போகிறேன் என்று சொன்ன பிறகு, அவருக்குத் தெரியாமல் போனால் அது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். மரியாதை பார்த்தே ஒன்பது வருஷத்தைக் கழித்துவிட்டாள் பைத்தியக்காரி.

2024-இல் சேக் மைதீன் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியிருந்தது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் நிழல்போலத் தெரிந்தது. லேசர் வைத்த டாக்டர், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கண் இவள்தான். பேப்பர் வாசித்துக் காட்டுவாள், கரண்ட் பில் வாசித்துக் காட்டுவாள், மாத்திரை அட்டையில் பெயரை வாசித்து உள்ளங்கையில் வைப்பாள். அவருக்கு ஒரே அவசரம்.

"முழுசா இருட்டுறதுக்குள்ள சுவரையாவது பாத்துடுறேன் நஜ்மு. எனக்குப் பெயிண்டு கலர்கூட வேணாம். சுவர் எழும்பிப் பாத்தாப் போதும்."

இன்ஜினியர் சர்ஃபராஸை வரச்சொல்லிப் பேசினார். சர்ஃபராஸ் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு, "மாமி, பிளான் அப்ரூவலுக்குப் பத்திர நகலும் பட்டாவும் வேணும். யார் பேர்ல இருக்குன்னு காட்டுற சிட்டா ஒண்ணு புதுசா எடுத்துக் கொடுங்க" என்றார்.

"அதெல்லாம் அவ அப்பவே மாத்திட்டா" என்று சேக் மைதீன் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனாள். இன்றைக்கே மனு கொடுத்துவிட வேண்டும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ இழுத்தாலும் வந்துவிடும், அதுவரை அவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"84/3 இப்ப இல்லைம்மா. 3A, 3Bன்னு பிரிஞ்சிருக்கு. 3A அஜித், தகப்பனார் ரெங்கராஜ். 3B மணிமேகலை. நீங்க யாரு?"

நீங்கள் யார் என்று அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். நஜ்முன்னிசா பத்திர நகலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அப்பா இறந்ததும் மகன் அஜித்தும் மகளும் வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறார்கள். ஏட்டில் நாற்பத்தொரு சென்ட்டும் ரெங்கராஜ் பெயரில்தான் நின்றது. எந்த அதிகாரி பார்த்தாலும் அதைத்தானே பார்ப்பார்? முதலில் வாரிசுகள் பெயருக்கு மாறியது. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, சர்வேயர் வந்து அளந்து, இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எல்லாம் முறைப்படிதான். கிழக்கே ரோட்டுப் பக்கம் மகளுக்கு. நஜ்முன்னிசாவின் பன்னிரண்டு சென்ட்டும் அந்தப் பக்கம்தான். அளக்காத இடத்தில் கல் ஏது? கல் இல்லாத இடத்தில் இது வேறொருத்தியுடையது என்று யார் சொல்வது? அப்பா விற்றது பிள்ளைகளுக்குத் தெரியாது. பெண்ணுக்குத் தெரிந்தால் கூனிக் குறுகும் என்று அந்த மனுஷன் பெற்ற பிள்ளைகளிடமும் மறைத்திருந்தார்.

அங்கிருந்து நேரே மாந்தோப்பூருக்குப் பஸ் ஏறினாள். இறங்கினால், அவள் நிலத்தில் ஒரு வீடு. இரண்டு அறைதான் இருக்கும். மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாசலில் கோலம் போட்டிருந்தது. மணிமேகலை வெளியே வந்து பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கத்தை. எத்தனை வருஷமாச்சு, வழி தெரிஞ்சுதா? அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன இடம் அத்தை. போன வருஷம்தான் கட்டினோம். இவருக்கு நான்னா இப்பத்தான் ஒரு மதிப்பே வந்திருக்கு. உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

தன் மண்ணில் விருந்தாளியாக உட்கார்ந்து, அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து குழந்தை ஓடிவந்து மடியில் ஏறியது. "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. வீட்டில் இருக்கிறவரின் கண்ணை நினைத்துத் துணிந்துவிட்டாள். தாலுகா ஆபீசில் பத்திர நகலோடு ஆட்சேப மனு கொடுத்தாள். இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் போய் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை சிட்டா இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தாள். துணை வட்டாட்சியர் அடைக்கலராஜ் நிதானமானவர், கேலி பேசாமல் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தார். எதிரே மணிமேகலையும் அவள் புருஷனும். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"உங்க பத்திரம் 2015. அவங்க பாகப்பத்திரம் அதுக்கு ரொம்பப் பின்னாடி. உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா. ஆனா ஒண்ணு கேக்கிறேன். ஒன்பது வருஷம் ஏன் பேர் மாத்தாம விட்டீங்க? வாரிசு மனு வந்த அன்னிக்கு உங்க பேர் ஏட்டுல இருந்திருந்தா, அந்தப் பன்னெண்டு சென்ட்டு தனி நம்பரா ஒதுங்கி நின்னிருக்கும். இந்த வீடு எழும்பியிருக்காது."

"ஆமாத்தை, ஏன் மாத்தல?" என்று மணிமேகலையும் கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. "தெரிஞ்சிருந்தா நாங்க ஒரு செங்கல் வச்சிருப்போமா?"

அறையில் எல்லோரும் இவளையே பார்த்தார்கள். உனக்காகத்தான்டி விட்டேன், உன் கல்யாணம் நிற்கக் கூடாது என்று உன் அப்பன் என் வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இது தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் அந்தப் பெண்ணின் புருஷன். பட்டாவைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவன்.

"எனக்கு விவரம் தெரியலம்மா" என்றாள் நஜ்முன்னிசா.

அடைக்கலராஜ் பேனாவை மூடினார். "ரெண்டு பேர்கிட்டயும் பதிவுப் பத்திரம் இருக்கு, ஒருத்தர் அனுபவத்துல இருக்காங்க. யாருக்குப் பாத்தியதைன்னு தீர்மானிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு போகலாம், ஆனா அவரும் சிவில் கோர்ட்டுக்குத்தான் அனுப்புவாருன்னு நினைக்கிறேன். கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிட்டு வந்தா ஏட்டைத் திருத்திடுவோம். இனிமேயாவது தள்ளிப் போடாதீங்கம்மா." கோர்ட்டில் ஜெயித்தால் என்ன ஆகும் என்று இவள் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்டை எடுக்கச் சொல்வாங்க" என்றார்.

வெளியே படியில் மணிமேகலையின் புருஷன் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளும் இவளும் ஆளுக்கொரு பக்கமாகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

வீட்டில் சேக் மைதீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"சிட்டா வாங்கிட்டியா? சர்ஃபராஸ் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. எங்க, கொடு பாப்போம்."

பையிலிருந்து, மணிமேகலை பெயர் போட்ட சிட்டாவை எடுத்துக் கொடுத்தாள். தாளைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டினார். "உன் பேரு எங்க இருக்குன்னு என் விரலைப் புடிச்சு வையேன். தொட்டாவது பாத்துக்கறேன்."

அவள் அந்த விரலைப் பிடித்தாள். எந்த இடத்தில் வைத்தாலும் அவர் நம்பியிருப்பார். வாழ்நாள் முழுக்க நம்பியிருப்பார். ஆனால் அவளால் முடியவில்லை. விரலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ரெங்கராஜ் வந்தது, தை மாசம், வெள்ளிக்கிழமை போன், மஞ்சள் வீடு, இன்றைய விசாரணை.

"நிலம் போனாப் போகுது நஜ்மு" என்றார் அவர். "அந்தப் பொண்ணு வீட்டை இடிச்சுக் கட்டுன்னு நானும் சொல்ல மாட்டேன். கேசு போடுறதும் விடுறதும் உன் இஷ்டம், உன் பேர்ல வாங்கினது." கையிலிருந்த தாளைக் கட்டிலில் வைத்தார். "நீ ஆயிடுச்சுன்னு சொன்ன அன்னிக்கு, எங்க ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரி பேர்ல பட்டா வந்துடுச்சுன்னு சொல்லிச் சொல்லி."

அவர் கத்தியிருந்தால் இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோர்ட் கேசு இன்னும் போடவில்லை. வக்கீல் கொடுத்த வக்காலத்துத் தாள் கையெழுத்தாகாமல் தையல் மெஷின் மேலேயே இருக்கிறது. சுவர் எழும்புவதைப் பார்க்கிற அவசரமும் முடிந்துவிட்டது, இப்போது இடது கண்ணிலும் வெளிச்சம் இல்லை. அவர் அவளிடம் முகம் சுளிப்பதில்லை. சாப்பிட்டியா என்று கேட்கிறார், போர்வை கேட்கிறார், தலை வலித்தால் தைலம் தேய்க்கச் சொல்கிறார். ஒரு வித்தியாசம்தான். போன வாரம் நான் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். மாத்திரை நேரம். நஜ்முன்னிசா தண்ணீர்ச் செம்போடு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் மாத்திரை அட்டையைத் தடவி எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஆபிதாம்மா, இது எந்த மாத்திரைன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்றியா?"